வீடியோ ரெடி... டிஸ்கிரிப்ஷன் எங்கே?

*புதிதாக யூடியூப் சேனல் தொடங்குபவர்கள் படப்பிடிப்புக்கு ஒரு நாள் முழுக்கச் செலவழிக்கிறார்கள். வீடியோவோடு சேர்த்து எழுத வேண்டியதற்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. ஒரு தையல் சேனலை முன்வைத்து ஒரு பார்வை.*

மதியம் மூன்று மணி. மடியில் பாதி தைத்த ஜாக்கெட். தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்த போனில் 23 நிமிட வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்தாயிற்று. கை வைத்துத் தைக்கும்போது தோள்பட்டையில் சுருக்கம் விழுகிறது. அதை எப்படித் தவிர்ப்பது என்று இதே வீடியோவில் எங்கோ சொல்லியிருக்கிறார்கள். நூல்தூசி ஒட்டிய விரலால் அந்தப் பெண் திரையின் கீழே இருக்கும் சிவப்புக் கோட்டை இழுக்கிறார். அளவெடுக்கும் காட்சி வருகிறது. இன்னும் தள்ளினால் ஹூக் பட்டி வந்துவிடுகிறது. மறுபடி பின்னால் இழுத்தால் துணி மடிக்கும் இடம். நாலைந்து முறை தேடிவிட்டு வெளியே வந்து வேறொரு சேனலின் வீடியோவைத் திறக்கிறார். அங்கே கோடு துண்டு துண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரு துண்டில் ‘கை வைப்பது’ என்று எழுதியிருக்கிறது.

முதல் சேனலை நடத்துபவர் மோசமான தையல்காரர் இல்லை. ஒருவேளை இரண்டாமவரைவிடத் தேர்ந்தவராகவும் இருக்கலாம். வீடியோவுக்குக் கீழே ஒன்பது வரி எழுதாததால் அவர் ஒரு பார்வையாளரை இழந்தார்.

இன்று ஊருக்கு ஊர் சேனல் தொடங்குகிறார்கள். கேமரா, மைக், எடிட்டிங் ஆப், தம்ப்நெயில் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். டிஸ்கிரிப்ஷன், சேப்டர், டேக், வெளியீட்டு அட்டவணை என்ற நான்கும் கடைசி நிமிடத்து வேலையாகவே கிடக்கின்றன. ஜாக்கெட் தைக்கச் சொல்லித்தரும் புதுச் சேனல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடையும் வைத்திருக்கிற, வாரத்துக்கு ஒரு வீடியோ போட நினைக்கிற ஓர் அக்கா. அவர் இந்த நான்கையும் எப்படிச் செய்யலாம்?

முதல் இரண்டு வரி யாருக்கு?

டிஸ்கிரிப்ஷன் பெட்டியில் 5,000 எழுத்துவரை எழுதலாம். ஆனால் பார்ப்பவர் தட்டித் திறக்காதவரை கண்ணில் படுவது ஆரம்பத்துச் சில சொற்கள் மட்டும்தான். பெரும்பாலான புதுச் சேனல்களில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? ‘வணக்கம் நண்பர்களே, எங்கள் சேனலுக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்.’ அதற்கு அடுத்து வாட்ஸ்அப் எண். அதற்கும் அடுத்து, லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க. இருபது வீடியோ போட்டால் இருபதிலும் அதே வரிகள். எது எந்த வீடியோ என்று படித்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

நம் தையல்கார அக்கா எழுத வேண்டியது இப்படி இருக்கலாம்: ‘புடவையோடு வரும் 80 செ.மீ. துணியில் 34 அளவு லைனிங் ஜாக்கெட் வெட்டித் தைக்கும் முறை. அளவு ஜாக்கெட்டை வைத்தே அளவெடுப்பதால், டேப் பிடிக்கத் தெரியாதவர்களும் தைக்கலாம்.’ இரண்டே வரிதான். தேடி வந்தவருக்குத் தன் துணி போதுமா, தன் அளவுக்குப் பொருந்துமா, தனக்குப் புரியுமா என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

அடுத்த பத்தியில் அளவுகள் வர வேண்டும். மார்புச் சுற்றளவு 34, இடுப்பு 29, உயரம் 14, கை நீளம் 8, கைச் சுற்றளவு 11 என்று அங்குலக் கணக்கில் எழுதிவிட வேண்டும். தையல் வீடியோ பார்க்கிறவர்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, வீடியோவை நிறுத்தி நிறுத்தி இதைத்தான் எழுதிக்கொள்கிறார்கள். எழுத்தில் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். சமையல் சேனல் என்றால் இந்த இடம் பொருள்களின் அளவுக்கு உரியது.

வணக்கம், வாட்ஸ்அப், மற்ற வீடியோக்களின் இணைப்பு எல்லாம் அடியில் போகலாம். ஸ்டூடியோவின் அமைப்புகளில் ‘அப்லோட் டிஃபால்ட்ஸ்’ என்ற இடம் இருக்கிறது. மாறாத வரிகளை அங்கே ஒருமுறை எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டாம். அப்படி வந்து விழும் வரிகளுக்கு மேலேதான் புதிதாக எழுத வேண்டும்; பலர் கீழே எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

வாட்ஸ்அப் எண் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுப் பெண்கள் பலர் தங்கள் சொந்த எண்ணையே போடுகிறார்கள். அது உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய இடம். நள்ளிரவு அழைப்புகளால் சேனலையே நிறுத்தும் நிலைக்கு யாரும் போகக் கூடாது. தொழிலுக்கென்று தனி சிம் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை மின்னஞ்சல் முகவரி போதும்.

ஒரு பூஜ்யத்தில் எல்லாமே போகும்

யூடியூபில் சேப்டர் வசதி 2020-ல் வந்தது. தனியாக எந்தப் பொத்தானும் அமுக்க வேண்டாம். டிஸ்கிரிப்ஷனில் நேரத்தையும் தலைப்பையும் வரிக்கு ஒன்றாக எழுதினால் போதும். நம் அக்காவின் 23 நிமிட வீடியோவுக்கு இப்படி:

```
00:00 இன்று தைக்கப்போகும் லைனிங் ஜாக்கெட்
00:40 அளவு ஜாக்கெட்டில் அளவெடுப்பது
04:15 துணியும் லைனிங்கும் மடிப்பது
06:50 பின்பக்கம் வரைந்து வெட்டுவது
09:30 முன்பக்கம், டாட் குறிப்பது
13:20 கை வெட்டுவது
15:45 லைனிங் சேர்த்துத் தைப்பது
19:10 சுருக்கம் விழாமல் கை வைப்பது
22:05 ஹூக் பட்டி
```

முதல் வரி 00:00 என்றுதான் தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று நேரங்களாவது இருக்க வேண்டும். அவை ஏறுவரிசையில் வர வேண்டும். எந்தத் துண்டும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் அந்த ஒரு துண்டோடு சிக்கல் நிற்பதில்லை, கோடு எங்குமே பிரியாமல் போகும். அதிகம் நடப்பது முதல் விதியில்தான். ‘வணக்கம் சொல்லும் பகுதிக்கு எதற்குச் சேப்டர்’ என்று நினைத்து 00:40-ல் தொடங்கிவிடுகிறார்கள். எட்டு வரியும் சரியாக இருந்தும் பலனில்லை. நேரத்துக்கு நடுவில் முக்காற்புள்ளிக்குப் பதில் வெறும் புள்ளி வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. சேமித்த பிறகு வீடியோவை ஒரு பார்வையாளராகத் திறந்து, கோட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிரிந்திருக்கிறதா இல்லையா என்பது உடனே தெரியும்.

இன்னொரு சிக்கலைக் கண்டுபிடிப்பது கடினம். நேரங்களை எடிட்டிங் ஆப்பிலேயே குறித்து வைத்துக்கொள்கிறார்கள். பிறகு ‘ஆரம்பம் நீளமா இருக்கே’ என்று 15 விநாடியை வெட்டிவிட்டு ஏற்றுகிறார்கள். இப்போது கோடு அழகாகப் பிரிந்திருக்கும், தலைப்பும் தெரியும். ஆனால் ‘கை வைப்பது’ என்று தட்டினால், கையை ஏற்கெனவே பாதி தைத்து முடித்த இடத்தில் போய் நிற்கும். பின்னைக் குத்தும் முதல் 15 விநாடிதானே தேடி வந்தவருக்கு வேண்டியது! ஏற்றிய பிறகு ஸ்டூடியோவிலேயே முன்பகுதியை வெட்டினாலும் இதே கதைதான். ஆகவே, ஏற்றி முடித்த வீடியோவை ஓடவிட்டுத்தான் நேரம் குறிக்க வேண்டும்.

தலைப்புகளிலும் கவனம் தேவை. ‘அறிமுகம்’, ‘பாகம் 1’, ‘முக்கியமான இடம்’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘சுருக்கம் விழாமல் கை வைப்பது’ என்ற தலைப்பில் பார்வையாளரின் பிரச்னையே இருக்கிறது.

சேப்டர் போட்டால் எல்லாரும் தாவிப் போய்விடுவார்கள், பார்வை நேரம் குறையும் என்ற பயம் பலருக்கு உண்டு. என் கருத்தில் இது தேவையில்லாத பயம். கை வைப்பதற்காக வந்தவர் அளவெடுப்பதை எப்படியும் பார்க்கப்போவதில்லை. தாவி வந்து மூன்று நிமிடம் பார்ப்பவரா, தேடிச் சலித்து வெளியேறுபவரா என்பதுதான் இங்கே கேள்வி.

இதனால் இன்னொரு லாபமும் உண்டு. ஸ்டூடியோவின் அனலிட்டிக்ஸ் பகுதியில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு வரைகோடு இருக்கும். எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அது காட்டும். மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்த இடத்தில் கோடு மேலெழும்பும். தாண்டிப் போன இடத்தில் பள்ளம் விழும். 19:10-ல் மேடு தெரிந்தால், அக்காவின் அடுத்த வீடியோ எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கை வைப்பதை மட்டும் தனியாக, மூன்று விதத் துணியில் காட்டலாம்.

பெட்டிச் செய்தி: தப்பாகச் சொல்லிவிட்டால்?

*வீடியோவில் ‘கைச் சுற்றளவு 12’ என்று வாய் தவறிவிட்டது, உண்மையில் 11. யூடியூபில் ஏற்றிய வீடியோவை அதே முகவரியில் வேறு கோப்பாக மாற்ற முடியாது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் பார்வை எண்ணிக்கையும் கமென்டும் போய்விடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. டிஸ்கிரிப்ஷனில், சேப்டர் வரிகளுக்குப் பிறகு இப்படி எழுதலாம்:*

```
Correction:
13:52 கைச் சுற்றளவு 11 அங்குலம், 12 அல்ல
```

*டிஸ்கிரிப்ஷன் முழுக்கத் தமிழில் இருந்தாலும் அந்த முதல் சொல் மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். அந்த நேரம் வரும்போது, திருத்தம் இருப்பதாக வீடியோவின் மேல் ஓரத்தில் ஓர் அறிவிப்பு தோன்றும். பட்டுப்புடவையின் துணியில் கத்தரி வைக்கப்போகிறவருக்கு அது பெரிய உதவி.*

டேக்: தமிழுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு

‘எந்த டேக் போட்டால் வீடியோ ஓடும்?’ புதுச் சேனல்காரர்கள் கூடும் இடமெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. டேக் பட்டியலைக் காசுக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். யூடியூபின் உதவிப் பக்கமே இதற்கு நேராகப் பதில் சொல்கிறது: வீடியோவை மக்கள் கண்டுபிடிப்பதில் டேக்கின் பங்கு மிகக் குறைவு; மக்கள் அடிக்கடி எழுத்துப் பிழையோடு தேடும் விஷயமாக இருந்தால் அது பயன்படலாம்.

அந்தக் கடைசி வரிதான் நமக்கு முக்கியம். தமிழில் பேசுகிறோம், தேடும்போது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம். அப்படித் தட்டுவதற்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. ஒருவர் *thaikum murai* என்கிறார், இன்னொருவர் *thaikkum murai* என்கிறார், *taikum* என்பவரும் உண்டு. *Blouse* என்ற சொல்லே *blous* ஆகவும் *blows* ஆகவும் வருகிறது. சிலர் பிளவுஸ் என்றே சொல்வதில்லை. அவர்களுக்கு அது ஜாக்கெட், அதிலும் *jacket*, *jaket* என்று இரண்டு. இந்தப் பிழைகளைத் தலைப்பிலோ டிஸ்கிரிப்ஷனிலோ வைத்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும். டேக் பெட்டி பார்வையாளருக்குத் தெரியாத இடம். அவற்றுக்கு அதுதான் சரியான இடம்.

அந்தப் பெட்டியில் மொத்தம் 500 எழுத்துக்கு இடம் உண்டு. நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. நம் அக்காவுக்குப் பத்துப் பன்னிரண்டு டேக் போதும்:

```
blouse cutting tamil, blous cutting, blows cutting,
jacket cutting tamil, jaket cutting, lining blouse tamil,
jacket thaikum murai, jacket thaikkum murai,
ஜாக்கெட் கட்டிங், பிளவுஸ் கட்டிங், ப்ளவுஸ் கட்டிங்
```

இந்தச் சொற்களை எங்கே பொறுக்குவது? யூடியூப் தேடல் பெட்டியில் மெதுவாக ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினால், கீழே வந்து விழும் பரிந்துரைகள் ஓரளவு சொல்லிவிடும். அதைவிட நல்ல இடம் அவருடைய கடை வாசல்தான். ‘கை லூசா இருக்கு’, ‘முதுகு தூக்குது’, ‘அக்குள்ல பிடிக்குது’ என்று வாடிக்கையாளர் வந்து சொல்கிற சொற்களைத்தான் அவர்கள் போனிலும் தட்டுவார்கள். இவை டேக்கில் ஒளிய வேண்டியவை அல்ல. தலைப்புக்கும் டிஸ்கிரிப்ஷனுக்கும் போக வேண்டியவை. கொஞ்ச நாள் ஓடிய பிறகு, அனலிட்டிக்ஸில் யூடியூப் தேடல் என்ற பகுதியைத் திறந்தால், மக்கள் எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள் என்ற பட்டியலே கிடைக்கும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. டேக்குகளை வாரியெடுத்து டிஸ்கிரிப்ஷனின் அடியில் கொட்டுவது யூடியூபின் ஸ்பேம் விதிக்கு எதிரானது. வீடியோவுக்குச் சம்பந்தமே இல்லாத நடிகை பெயரைச் சேர்ப்பதும் அப்படித்தான். வீடியோ நீக்கப்படலாம், சேனலுக்கு ஸ்ட்ரைக் விழலாம். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் என்றால் சேனலே போய்விடும். ஸ்ட்ரைக் நடப்பில் இருக்கும்போது சேப்டரும் வராமல் போகலாம்.

ஹேஷ்டேக் வேறு, டேக் வேறு. ஹேஷ்டேக் எல்லார் கண்ணிலும் படும். இரண்டு மூன்று போதும். ஒரே வீடியோவில் 60-க்கு மேல் போனால் யூடியூப் அந்த வீடியோவின் அத்தனை ஹேஷ்டேக்கையும் ஒதுக்கிவிடும்.

பெட்டிச் செய்தி: தமிழ் எழுத்தின் கணக்கு

*தலைப்புக்கு 100 எழுத்துதான் எல்லை. ஆனால் கணினி எண்ணும் முறை வேறு. ‘பிளவுஸ்’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யுனிகோடில் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி, ஆக ஏழு. தமிழ்த் தலைப்பு நினைத்ததைவிட வேகமாக எல்லையைத் தொட்டுவிடும். போன் திரையில் அதற்கும் முன்பே வெட்டுப்படும் என்பதால், முக்கியமான சொல் முதலில் வரட்டும்.*

ஆடியில் எடு, புரட்டாசியில் விடு

எத்தனை மணிக்கு வெளியிடுவது? காலை ஆறா, மாலை ஏழா? இந்தக் கேள்விக்குச் செலவாகும் நேரம் வீண். வெளியிடும் மணி ஒரு வீடியோவின் நீண்டகாலப் பார்வையை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்று யூடியூபே சொல்கிறது. நேரலைக்கும் பிரீமியருக்கும் வேண்டுமானால் மணி முக்கியம். உங்கள் பார்வையாளர்கள் எப்போது இருக்கிறார்கள் என்று காட்டும் படம்கூட, போதுமான ஆட்கள் சேர்ந்த பிறகுதான் ஸ்டூடியோவில் தெரியும். புதுச் சேனலுக்கு அது காலியாகவே இருக்கும்.

தையல் சேனலுக்கு மணியைவிட மாதம்தான் கணக்கு. பள்ளி திறக்கும் ஜூனுக்கு முன் சீருடை. ஆடியில் கல்யாணம் இல்லை, கடையில் கூட்டம் குறைவு. ஆவணியில் முகூர்த்தம் தொடங்கும். பிறகு தீபாவளி. அப்போது டெய்லர் கடைகளில் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே ‘ஆர்டர் எடுப்பதில்லை’ என்று போர்டு தொங்கும். கடையில் முடியாது என்று ஆன பிறகுதான் பலரும் வீட்டு மெஷினைத் தூசி தட்டி, யூடியூபைத் திறக்கிறார்கள்.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. பார்வையாளருக்கு வீடியோ அதிகம் தேவைப்படும் அதே வாரங்களில், சொல்லித்தரும் அக்காவுக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. புதுச் சேனல்கள் தீபாவளி மாதத்தில் காணாமல் போவது இதனால்தான். சோம்பேறித்தனம் என்று சொல்வது அநியாயம்.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. புதுச் சேனலின் வீடியோ வெளியான அன்றே பரவுவது அபூர்வம். தேடல் வழியாக ஆட்கள் மெதுவாகத்தான் வந்து சேர்வார்கள். ஆகவே பட்டு ஜாக்கெட் வீடியோ ஆறு வாரம் முன்னதாக, செப்டம்பர் 27-ல் வந்துவிட வேண்டும். அங்கிருந்து ஞாயிறுதோறும் ஒன்று: அக்டோபர் 4-ல் லைனிங் வைப்பது, 11-ல் கை வைப்பது, 18-ல் பழைய ஜாக்கெட்டைப் பெரிதாக்குவது, 25-ல் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது. நவம்பர் 1-க்குப் புதிதாக எதுவும் வேண்டாம். அந்த வாரம் கமென்டுக்குப் பதில் சொல்வதே பெரிய வேலையாக இருக்கும். இந்த ஐந்தையும் படமெடுக்க வேண்டிய நேரம் ஜூலை நடுவில் தொடங்கும் ஆடி. ஒரு நாளில் இரண்டு வீதம் எடுத்தால் மூன்று நாள் படப்பிடிப்பு.

எடுத்ததை ஏற்றிவிட்டு, வெளியிடும் பக்கத்தில் ‘ஷெட்யூல்’ என்பதைத் தேர்ந்து தேதியும் நேரமும் கொடுத்தால், அதுவரை வீடியோ யாருக்கும் தெரியாமல் இருக்கும். நேரம் வந்ததும் தானே வெளியாகும். நேர மண்டலம் இந்தியாவில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றிய கையோடு வெளியிடுவதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. யூடியூப் முதலில் குறைந்த தரத்தில்தான் வீடியோவைத் தயார் செய்யும். உயர் தரம் வரக் கூடுதல் நேரம் ஆகும். முதலில் வந்து பார்ப்பவருக்குக் கருப்புத் துணியில் சாக்பீஸ் கோடு மங்கித் தெரியும். முந்தின நாளே ஏற்றிவிட்டால் இந்தப் பிரச்னை இல்லை.

வாரம் ஒன்று என்பதுகூடக் கட்டாயமில்லை. கைவசம் நாலு வீடியோ இல்லாமல் முதல் வீடியோவை வெளியிட வேண்டாம் என்பேன். கையிருப்பு இரண்டாகக் குறைந்தால் பதினைந்து நாளுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். உறுப்பினர் கட்டணம் போன்ற ஆரம்பநிலை வருமான வசதிகளுக்கு 500 சந்தாதாரர், ஓராண்டில் 3,000 மணி நேரப் பார்வை ஆகியவற்றோடு யூடியூப் கேட்பது 90 நாளில் மூன்றே மூன்று வீடியோதான். மாதம் ஒன்று போட்டாலும் அந்தக் கணக்கு நிறைவேறும். ஒரே நாளில் நாலைந்தைக் கொட்டுவதால் லாபம் இல்லை. மணியை அழுத்தி வைத்தவருக்குக்கூட ஒரு சேனலிலிருந்து 24 மணி நேரத்தில் அதிகபட்சம் மூன்று அறிவிப்புதான் போகும். ‘ஒவ்வொரு ஞாயிறும் வருவேன்’ என்று வீடியோவில் வாயால் சொல்ல வேண்டாம். சேனலின் அறிமுகப் பகுதியில் எழுதி வைத்தால் போதும்; அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

சேனல் தொடங்கி ஏற்கெனவே சில மாதம் ஆனவர்களுக்கு: வீடியோவைத்தான் மாற்ற முடியாது. டிஸ்கிரிப்ஷன், சேப்டர், டேக் மூன்றையும் எந்த நாளிலும் திருத்தலாம். பார்வை எண்ணிக்கை அப்படியே இருக்கும். இன்றைக்கே ஸ்டூடியோவைத் திறந்து, அதிகம் பேர் பார்த்த வீடியோவை எடுங்கள். அதன் முதல் இரண்டு வரியில் ‘வணக்கம்’ இருந்தால் அடிக்குத் தள்ளிவிட்டு, அந்த வீடியோவில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். 00:00 இருக்கிறதா பாருங்கள். பிறகு அடுத்த வீடியோவுக்குப் போங்கள்.